மடியைப் பார்த்து மயங்காதீர்கள்!

சந்தையில் கறவை மாடு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

கறவை மாடு வாங்கப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மடி. ஏமாற்ற நினைக்கும் வியாபாரி முதலில் கை வைப்பதும் அந்த மடியில்தான்!

பானை போலப் பருத்த மடி. விறைத்து நிற்கும் நான்கு காம்புகள். பக்கத்தில் துள்ளிக் குதிக்கும் கன்று. "வேளைக்கு ஆறரை லிட்டர். இரண்டு வேளைக்கும் சேர்த்துப் பதின்மூன்று லிட்டர்" என்று தரகர் சத்தியம் செய்கிறார். பணம் கை மாறுகிறது. மாடு வீட்டுக்கு வருகிறது.

முதல் வேளை ஆறரை லிட்டர் கறக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வேளை நாலு லிட்டர்தான் வருகிறது. அதற்கு அடுத்த வேளையும் நாலுதான். பிறகு எத்தனை நாள் கறந்தாலும் அதே நாலு!

"கண் பட்டுவிட்டது" என்று பாட்டி மாட்டுக்குச் சுற்றிப் போடுகிறாள். "தண்ணீர் மாறியதால் பால் குறைந்துவிட்டது" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆறுதல் சொல்கிறார்.

உண்மையில் நடந்தது என்ன?

சந்தைக்குக் கொண்டு வருவதற்கு முன்னால் மாட்டை ஒரு வேளை, சில சமயம் இரண்டு வேளை, கறக்காமலே விட்டிருக்கிறார்கள். இரண்டு வேளைப் பால் ஒரே மடியில் தேங்கி நின்றது. அதைப் பார்த்துத்தான் வாங்கியவர் மயங்கினார்.

இந்த ஏமாற்றத்திலிருந்து தப்ப வழி உண்டு. அதற்குப் பெரிய படிப்புத் தேவை இல்லை. கறக்கத் தெரிந்த ஒரு கை வேண்டும். ஒரு கடிகாரம் வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கணியம்பாடியிலிருந்து பொய்கைக்கு

வேலூரிலிருந்து ஆரணி, திருவண்ணாமலைப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. ஜவ்வாது மலையை அடுத்த பகுதி. வயலும் மாடும் சேர்ந்துதான் அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

அந்தப் பக்கத்து மக்கள் மாடு வாங்கவும் விற்கவும் போகும் பெரிய சந்தை, பொய்கைச் சந்தை. வேலூருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் பொய்கை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே மாட்டுச் சந்தை கூடும். கறவை மாடு, சினை மாடு, கன்று, உழவு மாடு எல்லாம் வரும்.

கணியம்பாடியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் அந்தச் சந்தைக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். கையில் இருப்பது கடன் வாங்கிய பணம். வாங்குகிற மாடு கறந்தால்தான் கடனைக் கட்ட முடியும். அவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும்? எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

மனைவி கூட வருவது மிகவும் நல்லது. ஏனென்றால் தினமும் கறக்கப் போகிறவள் அவள்தான்.

முதலில் தூரத்திலிருந்து

மாட்டின் அருகே போனவுடன் மடியைத் தொடக்கூடாது. பத்தடி தள்ளி நின்று சும்மா பார்க்க வேண்டும்.

நல்ல மாடு சுற்றிலும் நடப்பதைக் கவனிக்கும். காது ஆடும். வால் ஈ ஓட்டும். கண் தெளிவாக இருக்கும். மூக்கு நுனி பனி விழுந்தது போல ஈரமாக இருக்கும். சந்தை இரைச்சலிலும் சற்று நேரம் அமைதி கிடைத்தால் அசை போடும்.

தலையைத் தொங்கப் போட்டு, மயிர் சிலிர்த்து, மூக்கு காய்ந்து நிற்கும் மாட்டை விட்டு விலகிவிட வேண்டும். அதற்குக் காய்ச்சல் இருக்கலாம். மாட்டின் இயல்பான உடல் சூடு ஏறக்குறைய 101 அல்லது 102 டிகிரி பாரன்ஹீட். மனிதனைவிடக் கொஞ்சம் அதிகம். ஆகவே காதைத் தொட்டுப் பார்த்து, "சூடாக இருக்கிறது, காய்ச்சல்" என்று முடிவு கட்டக்கூடாது. வெயிலில் நின்ற மாட்டின் காது சுடத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவர் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்ப்பார்.

அடுத்தபடியாக மாட்டை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். "அண்ணே, கயிற்றை அவிழ்த்து இருபது அடி நடத்திக் காட்டுங்கள்" என்று கேட்பதில் தவறு இல்லை. நொண்டுகிறதா? ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா? குளம்பு நடுவில் புண் இருக்கிறதா?

குளம்பில் புண்ணும் வாயிலே எச்சில் ஒழுக்கும் சேர்ந்து இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். அந்த மாட்டை மட்டுமல்ல, அதன் பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டையும் வாங்கக்கூடாது. கோமாரி மிக வேகமாகப் பரவும். தோலில் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் இருந்தாலும் அப்படியே. அது தோல் கழலை நோயாக இருக்கலாம்.

இந்தச் சந்தைச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும். பாதி மாடுகள் இதிலேயே கழிந்து போகும்.

பல் பொய் சொல்லாது

"இரண்டாம் ஈத்து மாடு, வயசு நாலுதான்" என்கிறார் விற்பவர். அது உண்மைதானா என்று எப்படித் தெரிந்து கொள்வது?

மாட்டுக்கு மேல் தாடையின் முன்புறத்தில் பல்லே கிடையாது. கீழ்த்தாடையில் எட்டுப் பற்கள் உண்டு. கன்றுக்கு இருப்பவை பால் பற்கள். அவை சிறியவை, மிக வெள்ளையானவை. அவை விழுந்து, நடுவிலிருந்து இரண்டு இரண்டாக, அகலமான நிலைப் பற்கள் முளைக்கும்.

ஏறக்குறைய இரண்டு வயதில் நடுவில் முதல் ஜோடி வரும். இது "இரண்டு பல்". அதன் பிறகு ஏறக்குறைய எட்டு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஒவ்வொரு ஜோடியாகச் சேரும். நாலு பல், ஆறு பல் என்று போய், நாலரை ஐந்து வயதில் எட்டுப் பல்லும் நிரம்பிவிடும். இதைத்தான் "கடை சேர்ந்தது" என்று சொல்கிறார்கள். கலப்பின மாட்டுக்கு இது கொஞ்சம் முந்தும். நாட்டு மாட்டுக்குக் கொஞ்சம் பிந்தும்.

கடை சேர்ந்த பிறகு வயதைச் சொல்வது தேய்மானம். ஆண்டுகள் ஏற ஏறப் பல்லின் மேல் விளிம்பு தேய்ந்து தட்டையாகும். பத்து வயதைத் தாண்டிய மாட்டின் பற்கள் குட்டையாகி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, ஈறு இறங்கி, முளைக்குச்சி போல நிற்கும். அப்படிப்பட்ட மாட்டை "நாலு வயசு" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கொம்பில் இருக்கும் வளையத்தை எண்ணி ஈத்துக் கணக்கு சொல்வதும் உண்டு. ஆனால் கொம்பை அரத்தால் ராவி, எண்ணெய் தடவி, வளையத்தையே மறைத்துவிடலாம். பல்லை அப்படி மறைப்பது கடினம். ஆகவே கொம்பையும் பார்க்கலாம். நம்ப வேண்டியது பல்லை.

நமது கணியம்பாடித் தம்பதி எந்த மாட்டைத் தேட வேண்டும்? இரண்டாம் ஈத்து அல்லது மூன்றாம் ஈத்து, கன்று போட்டு ஒரு மாதத்துக்குள் இருக்கும் மாடு. தலை ஈத்து மாடு இன்னும் முழுப் பாலுக்கு வந்திருக்காது. கன்று போட்ட ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பால் உச்சத்தைத் தொடும். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குறையும். உச்சத்துக்கு முன்னால் வாங்கினால் அந்த நல்ல காலம் முழுவதும் வாங்கியவருக்கே கிடைக்கும்.

கன்று யாருடையது?

இங்கேதான் இன்னொரு தந்திரம் நடக்கிறது. கன்று போட்டு ஏழெட்டு மாதம் ஆன மாட்டின் பக்கத்தில், வேறு மாட்டின் பத்து நாள் கன்றைக் கட்டிவிடுவார்கள். "கன்று போட்டுப் பத்து நாள்தான் ஆச்சு" என்பார்கள்.

கன்றை அவிழ்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். சொந்தக் கன்று என்றால் தாய் முகர்ந்து பார்க்கும், நக்கும், மடியை விட்டுக் கொடுக்கும். வேற்றுக் கன்று என்றால் பெரும்பாலும் முட்டித் தள்ளும் அல்லது உதைக்கும். கன்றும் தாயைத் தேடிப் போகாமல் விழிக்கும்.

தாயின் பின்புறத்தையும் பார்க்கலாம். கன்று போட்டுப் பத்து நாளே ஆன மாட்டுக்கு அறைப் பகுதி இன்னும் கொஞ்சம் தளர்ந்து இருக்கும். வாலடியில் கறை காய்ந்த அடையாளம் தெரியும். எல்லாம் இறுகி, சுத்தமாகக் காய்ந்து இருந்தால் "பத்து நாள்" என்ற பேச்சில் சந்தேகம் உண்டு. அந்த இடத்தில் சீழும் கெட்ட வாடையும் வந்தால் கருப்பையில் கோளாறு. அந்த மாடு அடுத்த முறை சினை பிடிப்பது கஷ்டம்.

இனி மடி

இப்போதுதான் மடிக்கு வர வேண்டும்.

மடி ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு தனித்தனி அறைகள் உண்டு. ஓர் அறையின் பால் அடுத்த அறைக்குப் போகாது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு காம்பு. ஆகவே ஒரு காம்பு கெட்டால் அந்த அறைப் பால் முழுவதும் போயிற்று. மற்ற மூன்றும் ஓரளவு ஈடு செய்யுமே தவிர, நாலாவது அறை திரும்ப வருவது அருமை.

பின்னால் நின்று பார்த்தால், மடி தொடைகளுக்கு நடுவில் உயரத்தில் ஒட்டி, அகலமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால், முன்புறம் வயிற்றோடு வழுவழுவென்று சேர வேண்டும். அடிப்பகுதி பின்னங்கால் முட்டிக்குக் கீழே தொங்கக் கூடாது. தொங்கும் மடி நடக்கும் போது இடிபடும். கல்லும் முள்ளும் குத்தும். சாணமும் சேறும் ஒட்டும். அதில் நோய் சீக்கிரம் வரும்.

வயிற்றின் அடியில் மடியிலிருந்து முன்னால் ஓடும் பால் நரம்பு தடித்து வளைந்து வளைந்து இருந்தால் நல்ல அடையாளம்தான். ஆனால் அது ஓர் அடையாளம் மட்டுமே. நரம்பைப் பார்த்து லிட்டர் கணக்குச் சொல்ல யாராலும் முடியாது. நெற்றிச் சுழியையும் முதுகுச் சுழியையும் பார்த்துப் பால் சொல்வதும் அப்படியே. சுழிக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை.

மடியைக் கண்ணால் பார்த்தது போதும். இப்போது மனைவி கையைக் கழுவிக் கொண்டு உட்காருகிறாள்.

"அம்மா, மாடு புது ஆளைக் கண்டால் உதைக்கும், நானே கறந்து காட்டுகிறேன்" என்கிறார் தரகர்.

"உதைக்கிற மாடு என்றால் எனக்கு வேண்டவே வேண்டாம், அண்ணே. நாளைக்கு நான்தானே கறக்க வேண்டும்?" என்று அவள் சொல்ல வேண்டும். அதுதான் சரியான பதில்.

உள்ளங்கையால் நான்கு அறைகளையும் ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும். ஒன்று மட்டும் சுடுகிறதா? ஒன்று மட்டும் கல் போல இருக்கிறதா? ஒன்று மட்டும் சூம்பிச் சிறுத்து இருக்கிறதா? தொட்டவுடன் மாடு காலைத் தூக்கி வலி காட்டுகிறதா? இவையெல்லாம் மடி நோயின் அடையாளங்கள். சிறுத்த அறை என்றால் முன்பு ஒரு முறை நோய் வந்து பால் சுரப்பு செத்துப்போன அறை என்று பொருள்.

பிறகு காம்பு. நான்கும் ஒரே நீளமாக, சதுரத்தின் நான்கு மூலை போல இடம் விட்டு இருக்க வேண்டும். இரண்டரை அங்குல நீளம் கையில் பிடிக்க வசதி. மிகக் குட்டையான காம்பை விரல் நுனியால்தான் இழுக்க வேண்டும், கை வலிக்கும். மிகப் பருத்த காம்பைப் பச்சைக் கன்றால் வாயில் பிடிக்க முடியாது.

ஒவ்வொரு காம்பையும் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். உள்ளே பட்டாணி போலக் கட்டி தட்டுப்பட்டால் பால் வரும் வழி அடைபட்டிருக்கிறது.

கறுப்புத் துணியில் முதல் பால்

ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சைக் கறுப்புத் துணியின் மேல் தனித்தனியாக விட வேண்டும். கறுப்பில்தான் வெள்ளைத் திரி நன்றாகத் தெரியும்.

பால் வழுவழுவென்று ஒரே மாதிரி பரவினால் நல்லது. திரி திரியாக, தயிர்த் துணுக்குப் போல ஏதேனும் தங்கினால் மடி நோய். தண்ணீர் போல நீர்த்திருந்தாலும், மஞ்சளாகவோ இரத்தச் சாயலாகவோ இருந்தாலும் அப்படியே. கன்று போட்ட முதல் சில நாள் சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். அது நோய் அல்ல. அது நான்கு காம்பிலும் ஒன்று போல இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கும் மடி நோயும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு சோதனை முறை வந்தது. அங்கே இருந்த ஷாம், நூர்லாண்டர் என்ற இருவர் அதை வகுத்தார்கள். பாலுடன் சலவைப் பொருள் சேர்ந்தால், நோயுள்ள பால் கூழ் போலக் கெட்டியாகும் என்பதே அதன் அடிப்படை. நோய்க் கிருமியோடு போராட மடிக்குள் வந்த வெள்ளை அணுக்கள் உடைந்து கூழாகின்றன.

அதே தத்துவத்தில் எளிய வழி ஒன்று உண்டு. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத் தூளைக் கரைத்து ஒரு புட்டியில் எடுத்துப் போகலாம். நான்கு கிண்ணங்களில் நான்கு காம்பின் பாலைத் தனித்தனியாக எடுத்து, பாலின் அளவுக்குச் சமமாகக் கரைசலை ஊற்றி, அரை நிமிஷம் சுழற்ற வேண்டும். மூன்று கிண்ணம் தண்ணீராகவே இருந்து ஒன்று மட்டும் கூழாக இழுத்தால், அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. நான்குமே லேசாகக் கெட்டியானால் அவசரப்பட வேண்டாம். சீம்பால் காலத்திலும், பால் வற்றும் காலத்திலும் அப்படி ஆவதுண்டு. சோதித்த பாலைக் கீழே கொட்டிவிட வேண்டும். யாரும் குடிக்கக்கூடாது.

கடிகாரம் சொல்லும் கணக்கு

இனி முக்கியமான விஷயம். மாடு உண்மையில் எவ்வளவு கறக்கும்?

முதல் கறவையை நம்பக்கூடாது. அது எத்தனை மணி நேரத்துப் பால் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே முதல் கறவை, மடியைக் காலி செய்வதற்கு மட்டுமே. கணக்கு அடுத்த கறவையில்தான் ஆரம்பம்.

சந்தையில் ஒரு மணி நேரத்தில் இதைச் செய்ய முடியாது. மாட்டைப் பிடித்திருந்தால் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, விற்பவர் வீட்டிலேயே இரண்டு கறவை பார்த்து வாங்குவது நல்ல வழி. சந்தை நாளுக்கு முந்தின மாலையே மாடு வந்து நின்றால், அன்று மாலையும் மறுநாள் காலையும் கறந்து பார்க்கலாம். நடுவில் யாரும் கன்றை ஊட்ட விடாமலும், கறக்காமலும், மாட்டின் பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும்.

நமது தம்பதியின் கணக்கைப் பார்ப்போம்.

மாலை 5 மணிக்கு மடியைச் சொட்டு மிஞ்சாமல் கறந்தார்கள். ஆறரை லிட்டர் வந்தது. "பார்த்தீர்களா! வேளைக்கு ஆறரை, நாளைக்குப் பதின்மூன்று" என்றார் தரகர். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

கறந்த பிறகு மனைவி மடியைத் தொட்டுப் பார்த்தாள். காற்றுப் போன பை போலச் சுருங்கி, மெத்தென்று மடிந்தது. இது நல்ல மடி. கறந்த பிறகும் அதே பருமனில் கெட்டியாக நிற்கும் மடி "சதை மடி". அதில் இருப்பது பால் சுரக்கும் பகுதி அல்ல, வெறும் சதை.

மறுநாள் காலை சரியாக 5 மணிக்கு மீண்டும் கறந்தார்கள். வந்தது நாலு லிட்டர்.

12 மணி நேரத்தில் 4 லிட்டர். அப்படியானால் 24 மணி நேரத்தில் 8 லிட்டர். தரகர் சொன்ன 13 எங்கே? உண்மையான 8 எங்கே?

இடைவெளி 12 மணி நேரமாக அமையாவிட்டாலும் கவலை இல்லை. 10 மணி நேரத்தில் மூன்றரை லிட்டர் வந்தது என்றால், மூன்றரையைப் பத்தால் வகுத்து 24-ஆல் பெருக்க வேண்டும். 8.4 லிட்டர் வரும்.

இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. வண்டியில் ஏறி வந்த களைப்பு, புது இடம், பால் கட்டி நின்ற வேதனை எல்லாம் சேர்ந்து அன்று பாலைக் கொஞ்சம் குறைக்கும். நல்ல தீனி போட்டால் பிறகு ஒரு லிட்டர் கூடலாம். ஆனால் 8 ஒருநாளும் 13 ஆகாது.

கறப்பதற்கு முன்னால் விற்பவர் மாட்டுக்கு ஊசி போட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். பால் இறங்குவதற்கு ஊசி போட்டுப் பழக்கிய மாடு, ஊசி இல்லாமல் பால் விட அடம் பிடிக்கும். மாட்டின் உடல் நலத்தைக் கெடுக்கும் ஊசியைப் பாலுக்காகப் போடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

துண்டுக்கு அடியில் பேசும் விலை

இப்போது அந்த மாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமா? தேவையில்லை!

நோய் இல்லை. நான்கு காம்பும் நன்றாக இருக்கின்றன. பல் சரியாக இருக்கிறது. உதைக்கவில்லை. எட்டு லிட்டர் மாடு எட்டு லிட்டர் விலைக்கு நல்ல மாடுதான். கெட்டது மாடு அல்ல, சொன்ன கணக்கு.

சந்தையில் கறவை மாட்டை லிட்டர் கணக்கில் மதிப்பது வழக்கம். கணக்கு புரிவதற்காக லிட்டருக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 13 லிட்டர் மாடு என்றால் 65,000 ரூபாய். 8 லிட்டர் மாடு என்றால் 40,000 ரூபாய். நடுவில் 25,000 ரூபாய் வித்தியாசம். ஒரே ஓர் இரவு காத்திருந்ததற்குக் கிடைத்த லாபம் அது!

தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பேசட்டும். ஆனால் அவர் விரலைத் தொடுவதற்கு முன்னால், வாங்குகிறவர் மனத்தில் அந்த எட்டு லிட்டர் கணக்கு இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாதவை

எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் சந்தையில் தெரியாத நோய்கள் சில உண்டு. கன்று வீச்சு நோய் அவற்றில் ஒன்று. மாடு கொழுகொழுவென்று இருக்கும். சினைக் காலம் முடியும் முன்னே கன்று விழுந்துவிடும். அந்த நோய் மனிதர்களுக்கும் தொற்றும். காய்ச்சாத பாலாலும், விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுவதாலும் வரும். இரத்தப் பரிசோதனையில்தான் அது தெரியும். கால்நடை மருத்துவமனையில் கேட்டுச் செய்து கொள்ளலாம். காச நோய்க்கும் தனிச் சோதனை உண்டு.

"சினை மூன்று மாதம்" என்று சொல்லி விற்றால் அதையும் மருத்துவர் கைவிட்டுப் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். வயிற்றைப் பார்த்து அவ்வளவு இளஞ்சினையைச் சொல்ல முடியாது.

மாட்டின் காதில் மஞ்சள் வில்லை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் 12 இலக்க எண் இருக்கும். 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு கோமாரி, கன்று வீச்சு நோய் இரண்டையும் ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கியது. அதன்படி தடுப்பூசி போடும் மாடுகளுக்கு வில்லை போட்டு, அந்த எண்ணில் விவரங்களைப் பதிகிறார்கள். எண்ணைக் குறித்துக் கொண்டு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் பதிவான விவரம் தெரியும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டியது.

வீட்டுக்கு வந்த பிறகு

மாட்டை ஓட்டி வந்தவுடன் பழைய மாடுகளோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். பெரிய தவறு இது! சந்தையில் நூறு ஊர் மாடுகள் மூச்சு விட்ட இடத்திலிருந்து அது வந்திருக்கிறது. இன்று தெரியாத நோய் ஒரு வாரம் கழித்துத் தெரியலாம்.

மூன்று வாரமாவது புது மாட்டைத் தனியாகக் கட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் தனி, தீவனக் கூடையும் தனி. முதலில் பழைய மாட்டைக் கறந்துவிட்டு, கடைசியில்தான் புது மாட்டைக் கறக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

விற்றவர் என்ன தீனி போட்டார் என்று கேட்டு வந்து, முதல் ஒரு வாரம் அதையே போட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். "நிறையப் போட்டால் நிறையக் கறக்கும்" என்று முதல் நாளே தவிட்டையும் புண்ணாக்கையும் அள்ளிக் கொட்டினால் வயிறு உப்பிவிடும். இருக்கிற பாலும் போகும்.

தினமும் இரண்டு வேளையும் கறந்த அளவைச் சுவரிலோ காலண்டரிலோ குறித்து வர வேண்டும். பத்து நாள் குறித்தால் மாட்டின் உண்மையான பால் தெரிந்துவிடும். திடீரென்று ஒரு வேளை குறைந்தால் அன்றே மடியைத் தொட்டுப் பார்த்து, கறுப்புத் துணியில் நாலு பீச்சு விட்டுப் பார்க்க வேண்டும். மடி நோயை முதல் நாளில் கண்டுபிடித்தால் காம்பு பிழைக்கும். நாலாம் நாளில் கண்டுபிடித்தால் அந்த அறை போனதுதான்.